5 லட்சம் கூடுதல் சம்பளமா, தினம் 3 மணி நேரமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் குடியிருக்கிறேன். கையில் இரண்டு ஆஃபர். ஒன்று முழுக்க வீட்டிலிருந்தே வேலை, சிடிசி 13 லட்சம், வேரியபிள் இல்லை. இன்னொன்று பெல்லந்தூர் ஆபீஸ், வாரம் 5 நாளும் போகணும், 18 லட்சம், அதில் 1.8 லட்சம் வேரியபிள். போக வர 3 மணி நேரம் ஆகும். 5 லட்சத்தை விடுவதா?

பதில்: முதலில் இரண்டையும் மாதக் கைச்சம்பளமாக மாற்றிப் பார்ப்போம். உங்கள் ஆஃபர் லெட்டர்கள் என்னிடம் இல்லை. அதனால் இரண்டிலும் பி.எஃப். மாதம் 1,800 என்றும், நிலையான சம்பளத்தில் பாதி பேசிக் என்றும் வைத்துக்கொள்கிறேன். வரி, 2025-26க்கான புதிய வரிமுறைப்படி.

13 லட்சத்தில் கம்பெனி பங்கு பி.எஃப்.பும் கிராஜுவிட்டியும் கழிந்தால் சுமார் 12.47 லட்சம் நிற்கும். நிலைக்கழிவு 75,000 போனால் வரிக்கணக்கில் வருவது 12 லட்சத்துக்குள் அடங்கிவிடுகிறது, வருமான வரி பூஜ்யம். உங்கள் பங்கு பி.எஃப்., தொழில் வரி போக மாதம் ஏறக்குறைய 1,01,900 கைக்கு வரும்.

18 லட்சத்தில் வேரியபிளைத் தள்ளிவிட்டுத்தான் மாதக் கணக்குப் போட வேண்டும். மீதி 16.2 லட்சத்தில் அதே பிடித்தங்களோடு, செஸ் சேர்த்து சுமார் 1.07 லட்சம் வரியும் போகிறது. கைக்கு வருவது மாதம் 1,19,000. சிடிசியில் மாதத்துக்கு சுமார் 41,700 வித்தியாசம் தெரிகிறது, அக்கவுண்டில் விழுவதோ 17,100தான். வேரியபிள் முழுதாகக் கிடைத்தால் வரி போக வருடத்துக்கு இன்னொரு 1.48 லட்சம் வரும். கிடைத்தால்!

இனி பயணம். அல்சூரிலிருந்து கே.ஆர். புரம் வரை பர்ப்பிள் லைன் மெட்ரோ சீக்கிரம் கொண்டுபோய்விடும். அங்கிருந்து அவுட்டர் ரிங் ரோட்டில் பஸ்ஸோ கேபோதான். நேரம் கரைவது அந்தத் துண்டில். டிக்கெட், ஆட்டோ, மதியச் சாப்பாடு எல்லாம் மாதம் 7,000 என்று வைப்போம். வீட்டில் வேலை பார்த்தாலும் பிராட்பேண்ட், கரண்ட், இன்வெர்ட்டர் என்று 2,000 போகும். ஆக ஆபீஸின் கூடுதல் செலவு 5,000. மிச்சம் 12,100. மாதம் 22 நாள், 66 மணி நேரப் பயணம். மணிக்கு 183 ரூபாய் விழுகிறது. வேரியபிள் முழுசாக வந்தாலும் 370 அளவுதான். ஆனால் வீட்டு வேலையில், நாளுக்கு 9 மணி நேரம் என்றால், உங்கள் ஒரு மணி நேரத்துக்கு 515 ரூபாய் கிடைக்கிறது. இப்போதைய நிபந்தனைகளோடு ஆபீஸ் வேலையை நான் எடுக்க மாட்டேன்.

ஆபீஸ் பக்கம் நியாயமான ஒரு வாதம் உண்டு. அடுத்த கம்பெனி கடைசியாக வாங்கிய சிடிசியைக் கேட்டு, அதன் மேல் சதவீதம் போட்டுத்தான் பேரம் பேசும். இரண்டு வருடத்தில் மாறுவதாக இருந்தால் 18 என்ற எண்ணுக்கு மதிப்பு இருக்கிறது. அப்படியானால் சம்பளத்தைக் கூட்டச் சொல்வதைவிட, வாரம் 3 நாள் ஆபீஸ் என்று லெட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள். பயணம் மாதம் 39 மணி நேரமாகக் குறையும், கூடுதல் செலவும் அதே விகிதத்தில் குறைந்தால் மணிக்கு 360 ரூபாய் அளவில் நிற்கும். மேனேஜர் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பி ஓ.கே. சொல்லாதீர்கள்.

வீட்டு வேலைக் கம்பெனியிடம் பேரம் பேசுவதில் ஒரு பொறி இருக்கிறது. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டிய பிறகு, சுமார் 12.7 லட்சம் வரை கூடுகிற பணம் ஏறக்குறைய முழுதும் வரியாகப் போய்விடும். அவர்கள் 1 லட்சம் ஏற்றிக் கொடுத்தால் உங்கள் கைக்கு வருவது 25,000 அளவுதான். அதை கம்பெனி செலுத்தும் என்.பி.எஸ். பங்காகக் கேளுங்கள். பேசிக்கில் 14 சதவீதம் வரை புதிய வரிமுறையிலும் வரி கிடையாது. பெரும்பகுதி ஓய்வுக்காலம் வரை முடங்கும், அது சம்மதமென்றால் மட்டும்.

கையெழுத்துப் போடும் முன் வீட்டிலிருந்து பார்க்கும் வேலையின் லெட்டரில் மூன்று இடங்களைப் பாருங்கள். நீங்கள் ஊழியரா, கன்சல்டன்டா? 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்போம், பி.எஃப். இல்லை என்றால் கன்சல்டன்ட். மேலே போட்ட கணக்கே மாறும். அடுத்து, வேலை செய்யும் இடம் என்ற வரி. அங்கே கம்பெனியின் ஆபீஸ் இருக்கும் வேறு ஊரின் பெயர் இருந்தால், திரும்பக் கூப்பிடும் நாளில் நீங்கள் பெங்களூரையே விட வேண்டிவரும். கடைசியாக, அப்படிக் கூப்பிட எத்தனை நாள் அவகாசம் தருவார்கள்? லெட்டரில் இல்லாவிட்டால் 'பணியிடம் அல்சூர் வீடு, மாற்றினால் 90 நாள் முன்னறிவிப்பு' என்று எச்.ஆரிடமிருந்து ஒரு மெயிலாவது வாங்குங்கள். அதற்கும் மறுத்தால், பெல்லந்தூர்க்காரர்களிடம் அந்த 3 நாள் பேச்சை முதலில் முடியுங்கள்.