"இன்றைக்காவது அனுப்பி உதவவும்"

மதிப்புக்குரிய ஐயா,

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பிராக்களின் மாதாந்தப் படிவங்களைச் சேர்க்கும் வேலை எனக்கு. ஒரு பொறுப்பாளர் 25ஆம் திகதி தர வேண்டிய, பிள்ளைகளின் எடைப் படிவத்தை இன்னும் தரவில்லை. என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்ப இப்படி எழுதினேன்:

"வணக்கம் மிஸ். இது ஓர் அன்பான நினைவூட்டல் மட்டுமே. ஏற்கனவே இரண்டு முறை சொன்னபடி, செப்டெம்பர் படிவம் 25ஆம் திகதிக்குள் வர வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியும்தானே. மற்ற எல்லோரும் அனுப்பிவிட்டார்கள். தங்களுக்கு வேலை அதிகம் போல. இன்றைக்காவது நேரம் ஒதுக்கி அனுப்பி உதவவும். நன்றி."

மேலதிகாரிக்கும் ஒரு பிரதி அனுப்பலாம் என்றிருந்தேன். என்னோடு வேலை செய்யும் பிள்ளை வாசித்துவிட்டு, "குத்துற மாதிரி இருக்கு அக்கா" என்கிறாள். ஒரு கடுஞ்சொல்கூட நான் எழுதவில்லையே. எதை மாற்றுவது?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பிள்ளை சொன்னது சரி. தமிழில் குத்தல் பெரும்பாலும் வசைச்சொல்லில் வருவதில்லை, சொல்லின் வாலில் வருகிறது. "இன்று அனுப்புங்கள்" என்றால் அது வேண்டுகோள். "இன்றைக்காவது" என்றதும் நேற்றும் முந்தாநாளும் அனுப்பாத குற்றம் அதற்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. "தெரியும்" என்பது தகவல், "தெரியும்தானே" என்பது தெரிந்துகொண்டே செய்யவில்லை என்ற தீர்ப்பு. "வேலை அதிகம் போல" என்பதை அக்கறை என்று யாரும் வாசிக்கமாட்டார்கள். அவருக்குப் பதிலாக நீங்களே ஒரு சாட்டுச் சொல்லி, அதை நம்பவில்லை என்றும் காட்டிவிடுகிறீர்கள்.

மரியாதையைக் கூட்டினால் இது சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், கூடுதலாகத்தான் வலிக்கும். நாளாந்தம் "அக்கா, நீங்க" என்று பேசுகிறவர் திடீரென்று "மிஸ், தாங்கள்" என்று எழுதினால், கோபம் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். எப்போதும் கூப்பிடுவது போலவே கூப்பிடுங்கள்.

திருத்தும்போது ஒவ்வொரு தொடரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதற்குள் அவருக்குத் தேவையான தகவல் ஏதும் இருக்கிறதா? இல்லையென்றால் வெட்டிவிடுங்கள். இருந்தால் அந்தத் தகவலை மட்டும் வெளியே எடுத்து நேராகச் சொல்லுங்கள்.

"அன்பான நினைவூட்டல் மட்டுமே", "நேரம் ஒதுக்கி", "உதவவும்" மூன்றிலும் தகவல் இல்லை. படிவம் தருவது அவருடைய கடமை, உங்களுக்குச் செய்யும் உதவி அல்ல. உதவி என்று சொல்வது பணிவு போலத் தோன்றும், ஆனால் படிவம் கட்டாயமா, விருப்பமா என்பதையே குழப்பிவிடும். "மற்ற எல்லோரும் அனுப்பிவிட்டார்கள்" என்பதையும் எடுத்துவிடுங்கள். மற்றவர்கள் அனுப்பியதால் அவருடைய படிவம் சீக்கிரம் நிரம்பப்போவதில்லை. எல்லோரும் இருக்கும் குழுவில் "இன்னும் சிலர் தரவில்லை" என்று போடுவதும் இதே வகைதான். அந்தச் சிலர் யார் என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். தனிச்செய்தியாகவே அனுப்புங்கள்.

"ஏற்கனவே இரண்டு முறை சொன்னபடி" என்பதை வெட்டுமுன் அந்த இரண்டு செய்திகளையும் திறந்து பாருங்கள். பக்கத்தில் ஒற்றைச் சரி அடையாளம் மட்டும் இருந்தால் அவை அவருடைய போனுக்கே போய்ச் சேரவில்லை. இரண்டு இருந்தால் போய்ச் சேர்ந்திருக்கிறது, ஆனால் நிறம் மாறாததை வைத்து அவர் வாசிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. வாசித்ததைக் காட்டாமல் மறைத்து வைத்திருக்கலாம். மலைச்சரிவில் சிக்னல் எடுக்காத டிவிஷன்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அவர் படிவத்தைப் படம் பிடித்து அனுப்பி, அது அவருடைய போனிலேயே நின்றுபோயிருக்கவும் இடமுண்டு. அதனால் "நீங்கள் அனுப்பவில்லை" என்று எழுதாதீர்கள், "எனக்கு இன்னும் கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள். உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தது அவ்வளவுதான்.

இப்படி வெட்டிய பிறகு உங்கள் செய்தியில் மிஞ்சுவது ஒரு திகதியும் ஒரு படிவமும்தான். அது ஏன் தேவை, எப்போதைக்குத் தேவை, வராவிட்டால் என்ன ஆகும் என்ற ஒன்றுமே அதில் இல்லை. குத்தல் அந்த வெற்றிடத்தைத்தான் நிரப்பிக்கொண்டிருந்தது. காரணத்தைச் சொல்லாதபோது அழுத்தத்துக்கு வேறு வழி இருப்பதில்லை. எனவே வெட்டியதோடு நிறுத்தாமல், புதிய திகதியையும் மணியையும் காரணத்தையும் சேர்க்க வேண்டும். "கூடிய சீக்கிரம்" என்று எழுதினால் அடுத்த வாரம் இன்னொரு நினைவூட்டல் எழுதுவீர்கள்.

எல்லாப் படிவங்களையும் சேர்த்து நீங்கள் 30ஆம் திகதி செவ்வாய்க்கிழமை கண்டிக்கு அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டு எழுதிப் பார்க்கிறேன்:

"வணக்கம் அக்கா. உங்கள் பிள்ளைக்காம்பிராவின் செப்டெம்பர் எடைப் படிவம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. 25ஆம் திகதி வர வேண்டியது. செவ்வாய் காலை எல்லாக் கணக்கையும் சேர்த்துக் கண்டிக்கு அனுப்புகிறேன். அதனால் 29ஆம் திகதி திங்கள் மாலை 4 மணிக்குள் எனக்குத் தேவை. படிவத்தைப் படம் பிடித்து அனுப்பினால் போதும். படம் போகாவிட்டால் எடை பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர், எடை குறைந்தவர்கள் எத்தனை பேர் என்று போனில் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். அதற்குள் வராவிட்டால் உங்கள் இடத்தை வெறுமையாக விட்டுத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். ஏதாவது தடை இருந்தால் இன்றே எனக்குச் சொல்லுங்கள்."

உங்கள் செய்தியைவிட இது நீளம்தான். ஆனால் ஒவ்வொரு வரியும் அவர் செய்ய வேண்டிய ஒன்றையோ அறிய வேண்டிய ஒன்றையோ சொல்கிறது. வெறுமையாக விடுவது பற்றிய வரி கடுமையாகத் தோன்றினாலும் எடுக்க வேண்டாம். நீங்கள் கோபப்பட்டாலும் படாவிட்டாலும் செவ்வாய்க்கிழமை நடக்கப்போவது அதுதான், முன்கூட்டியே சொல்வது நியாயம். "மேலிடத்தில் சொல்ல வேண்டி வரும்" என்று எழுதினால்தான் அது மிரட்டலாகிறது, ஏனென்றால் அதை நடத்தப்போவது நீங்கள்.

மேலதிகாரிக்குப் பிரதி இப்போது வேண்டாம். தோட்டத்து வழக்கத்தில் அது பெட்டிசம் போட்டது போலத்தான் எடுபடும், பிறகு அந்த அக்கா பதில் எழுதுவது உங்களுக்கல்ல, மேலே இருப்பவருக்கு. செவ்வாய்க்கிழமையும் ஒன்றும் வராவிட்டால், சேர்த்த கணக்கை அனுப்பும்போது "இந்த நிலையத்தின் படிவம் கிடைக்கவில்லை" என்று ஒரு வரி சேருங்கள். சேர்த்ததை அக்காவுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் எந்தத் திருத்தத்தாலும் சரிசெய்ய முடியாது. இப்படித் தாமதமாவது இது மூன்றாவது நான்காவது மாதம் என்றால், உங்கள் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அதை நினைவூட்டலுக்குள் ஒளித்து வைக்காதீர்கள். படிவம் கைக்கு வந்த பிறகு, வேறொரு நாளில் போன் எடுங்கள். மாதங்களின் பெயரைச் சொல்லி, "ஜூலையும் ஓகஸ்டும் பிந்தித்தான் வந்தது அக்கா, எந்த இடத்தில் தாமதமாகுது?" என்று கேளுங்கள். தராசு பழுதாக இருக்கலாம், நிறுக்கும் நாளில் பிள்ளைகள் வராமல் இருக்கலாம், படிவத்தைத் தோட்டத்துக் கந்தோரில் கையெழுத்துக்கு வைத்திருக்கலாம். கையெழுத்துதான் காரணம் என்றால், அடுத்த மாதம் 25ஆம் திகதிக்கு முன்பு நீங்கள் நினைவூட்ட வேண்டியவர் அந்த அக்கா அல்ல, கந்தோரில் இருப்பவர்.