மாதவிடாய் வரவில்லை, யோனி குட்டை: மாத்திரைக்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. மார்பு வளர்ச்சி சரியாக இருக்கிறது, ஆனால் இதுவரை மாதவிடாய் வரவில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பை ரொம்பச் சின்னது என்றார்கள். யோனியும் குட்டையாம். ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் சரியாகுமா?

பதில்: இப்போது மாத்திரை வேண்டாம். மாத்திரைக்குப் பலன் கிடைக்க, உள்ளே கர்ப்பப்பையும் இரத்தம் வெளியேற வழியும் இருக்க வேண்டும். அந்த இரண்டும்தான் இங்கே சந்தேகத்தில் இருக்கின்றன.

மாதாமாதம் அடிவயிறு வலித்து, சில நாளில் தானாகக் குறைகிறதா என்று மகளிடம் கேளுங்கள். ஆம் என்றால், கர்ப்பப்பை வேலை செய்து, வழியில் உள்ள சவ்வோ தடுப்போ இரத்தத்தை உள்ளேயே தேக்கியிருக்கலாம். அதைத் தாமதிக்காமல் சரிசெய்ய வேண்டும்.

வலி இல்லையென்றால் பெரும்பாலும் இரண்டு வாய்ப்புகள். ஒன்று, எம்ஆர்கேஹெச் எனப்படும் நிலை. சுமார் 5,000 பெண்களில் ஒருவருக்கு, கருவிலேயே கர்ப்பப்பையும் யோனியின் மேல்பகுதியும் உருவாகாமல் போகின்றன. சினைப்பைகள் இயல்பாக இருப்பதால் மார்பும் அக்குள், அந்தரங்க முடியும் வழக்கம்போல வளரும். மற்றொன்றில் குரோமோசோம் வழக்கமாக ஆண்களுக்கு இருக்கும் 46,XY. உள்ளே விரைகள் இருந்து ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும், ஆனால் உடல் அதை உணராது. அது பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாறுவதால் மார்பு வளரும், முடி மட்டும் மிகக் குறைவாக இருக்கும். சிறுவயதில் தொடை இடுக்கில் குடலிறக்கம் இருந்திருந்தால் மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது டெஸ்டோஸ்டிரோன் அளவும் குரோமோசோம் பரிசோதனையும்தான். உங்கள் மகளுக்கு முடி வளர்ச்சி இயல்பாக, டெஸ்டோஸ்டிரோன் பெண்களுக்குரிய அளவில், குரோமோசோம் பெண்களுக்கு வழக்கமான 46,XX என்று வந்தால் எம்ஆர்கேஹெச் என்றே எண்ணலாம். ஸ்கேனில் தெரிந்த 'சின்ன கர்ப்பப்பை' முழுதாக வளராத சிறு தசைத்துண்டாக இருக்கக்கூடும். சாதாரண ஸ்கேன் இதில் அடிக்கடி ஏமாற்றும், அதனால் எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்பது நல்லது. அப்புறம், சிறுநீரகங்களையும் ஸ்கேன் செய்ய வேண்டும். இந்த நிலையில் பலருக்கு ஒரு சிறுநீரகம் இல்லாமலோ இடம் மாறியோ இருக்கும்.

46,XY என்று வந்தாலும் அவள் உங்கள் மகள்தான். உள்ளிருக்கும் விரைகளில் கட்டி வரும் அபாயம் பருவ வயது முடியும்வரை குறைவு. அவை தரும் ஹார்மோனும் தேவை என்பதால் உடனே அகற்றச் சொன்னால் இன்னொரு நிபுணரின் கருத்தைக் கேளுங்கள்.

பரிசோதனைக்காக அவளை வலிக்க வைக்கத் தேவையில்லை. வெளியிலிருந்து பார்த்து, மெல்லிய பஞ்சுக்குச்சியால் ஆழத்தை அளந்தாலே போதும், அதுவும் அவள் சம்மதித்தால்தான்.

யோனியை நீளமாக்க முதல் வழி அறுவை சிகிச்சை அல்ல. டைலேட்டர் என்ற வழவழப்பான குச்சியை அவளே தினமும் மென்மையாக அழுத்திப் பழகினால் பெரும்பாலோருக்குப் போதிய ஆழம் கிடைக்கும். எப்போது தொடங்குவது என்பதை அவளே முடிவுசெய்யட்டும், இதற்கு அவசரமே இல்லை. முடிவுகளை உங்களிடம் மட்டும் சொல்லாமல், அவளிடமும் தனியாகப் பேசும்படி மருத்துவரைக் கேளுங்கள்.