விளம்பரத்தில் 120 கி.மீ., சாலையில் எத்தனை?

கேள்வி: அலுவலகம் போய்வர தினமும் 50 கி.மீ. ஓட்ட வேண்டும், மனைவியும் பின்னால் வருவார். நான் பார்த்த மின் ஸ்கூட்டரில் 3 யூனிட் பேட்டரி. ஒரு சார்ஜில் 120 கி.மீ. போகும், 5 ஆண்டு வாரண்டி என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: முதல் நாள் தாராளமாகப் போதும், நான்காம் ஆண்டில் போதுமா என்பதை வாரண்டித் தாளைப் படித்துத்தான் சொல்ல முடியும்.

3 யூனிட் என்பது 3,000 வாட்-மணி. அதில் 120 கி.மீ. போக வேண்டுமானால் கிலோமீட்டருக்கு 25 வாட்-மணி மட்டுமே செலவாக வேண்டும். ஒருவர் மட்டும் ஏறி, சமதளத்தில், நிதானமான வேகத்தில் ஓட்டினால்தான் அது நடக்கும். இருவர் ஏறி, நின்று நின்று கிளம்பும் நெரிசலில் 38 வரை ஆகலாம். பேட்டரியைப் பாதுகாக்கச் சிறு பங்கை ஒதுக்கி வைப்பதால் கைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 2,700 என்று கொண்டால், தூரம் 71 கி.மீ.தான். வாங்கும் முன் மனைவியையும் ஏற்றிக்கொண்டு 20 கி.மீ. ஓட்டிப் பாருங்கள்: திரையில் 100 சதவீதம் 72-க்கு இறங்கினால் இந்தக் கணக்கு சரி.

இனி வாரண்டி. திறன் 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் பேட்டரியை மாற்றித் தருவோம் என்று பல நிறுவனங்கள் எழுதுகின்றன. உங்கள் 71 கி.மீ.யில் 70 சதவீதம் 50 கி.மீ.; அதாவது வண்டி வீடு வந்து சேருமா என்று நீங்கள் தவிக்கும் நாளிலும் நிறுவனத்தின் கணக்கில் பேட்டரி நலமாகவே இருக்கும். 80 சதவீதம் என்று எழுதியிருந்தால் 57 கி.மீ. வரை உங்களுக்குக் காப்பு உண்டு. "5 ஆண்டு அல்லது 50,000 கி.மீ., எது முந்துகிறதோ அது" என்ற வரியையும் தேடுங்கள்: ஆண்டுக்கு 300 நாள் ஓட்டினால் 15,000 கி.மீ., ஆகவே உங்கள் வாரண்டி மூன்றேகால் ஆண்டைத் தாண்டிச் சில வாரங்களிலேயே முடிந்துவிடும்.

தினமும் பேட்டரியின் பெரும்பகுதியைக் காலி செய்யும் உங்களுக்கு எல்.எஃப்.பி. எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வகையையே பரிந்துரைப்பேன், எடை சற்றுக் கூடினாலும், நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்.எம்.சி. வகையைவிடப் பொதுவாக அதிக முறை சார்ஜ் ஏற்றி இறக்கத் தாங்கும்.

சார்ஜரின் லேபிளில் வெளியீடு 58.4 வோல்ட், 10 ஆம்பியர் என்றிருந்தால் 584 வாட். கடைசிக் கட்டத்தில் வேகம் குறைவதால் முழுதாக ஏற ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிளக் பொருந்துகிறதே என்று வேறு சார்ஜரைச் செருகாதீர்கள். எல்.எஃப்.பி. செல் 3.65 வோல்ட்டில் நிறையும், என்.எம்.சி. செல் 4.2 வோல்ட்டில் நிறையும். மாறிப் போனால் பேட்டரி கெடும், வாரண்டியும் போகும். சார்ஜருக்கான வாரண்டி பெரும்பாலும் தனியானது, குறுகியது. அதன் காலத்தையும், பேட்டரியின் திறனை யார், எப்படி அளந்து முடிவு செய்வார்கள் என்பதையும் முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.