இரண்டு கிழமைக்குப் பின் இன்னொரு குளிசை

"ஆறு வயது மகனுக்குப் போன மாதம் பூச்சிக்குளிசை குடுத்தனான். இப்ப இரவில திரும்பவும் ஆசனவாயைச் சொறியிறான். இன்னொருக்காக் குடுக்கலாமோ? வீட்டில ஒன்றரை வயதுப் பிள்ளையும் அம்மம்மாவும் இருக்கினம். எனக்கு இப்ப இரண்டாம் மாதம்."
– வாசகி, கோப்பாய்

குடுக்கலாம். இரவில் சொறிவது பெரும்பாலும் கீரிப்பூச்சி, அதாவது வெள்ளை நூல் போன்ற சிறு புழு. பெண் புழு இரவில் ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடுவதால்தான் அந்த நேரத்தில் கடிக்கிறது. மெபெண்டசோல் குளிசை குடலிலுள்ள புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. சொறியும்போது நகத்தில் ஒட்டிய முட்டை வாய்க்குள் போய்ப் பொரிக்கும். போன மாதம் ஒரு தடவையோடு விட்டதுதான் பிழை.

கீரிப்பூச்சிக்கு ஒருமுறைக்கு 100 மில்லிகிராம் மெபெண்டசோல் போதும், மகனுக்கும் அம்மம்மாவுக்கும் அதே அளவுதான். 3ஆம் தேதி குடித்தால் 17ஆம் தேதி திரும்பக் குடிக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் மற்றவரிடமிருந்து திரும்ப வரும் என்பதால் வீட்டார் ஒரே நாளில் குடிப்பது முக்கியம். முதல்நாள் பட்டினி கிடக்கவோ பேதிக்குக் குடிக்கவோ தேவையில்லை; அது பழைய மருந்துகளின் காலத்துப் பழக்கம்.

நீங்கள் இப்போது குடிக்க வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் மெபெண்டசோல், அல்பெண்டசோல் இரண்டையும் தவிர்ப்பது வழமை. பிறகு தேவையா என்று கிளினிக்கில் தீர்மானிப்பார்கள். அதுவரை ஆறு கிழமைக்கு நகத்தை ஒட்ட வெட்டி, காலையில் எழும்பியவுடன் ஆசனவாயைக் கழுவி, உள்ளாடை மாற்றி, சாப்பாட்டுக்கு முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். புதிதாக முட்டை உள்ளே போகாவிட்டால் இருக்கும் புழு தானாகச் செத்துவிடும். குளிசை குடிப்பவர்களும் இதைச் செய்ய வேண்டும். குளிசை நாளில் படுக்கை விரிப்பைச் சுடுநீரில் தோயுங்கள், உதறாதீர்கள். உதறினால் முட்டை பறக்கும்.

ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு நீங்களாகக் கொடுக்க வேண்டாம், டொக்டரிடம் அளவு கேளுங்கள். கொடுக்கச் சொன்னால் நசுக்கித் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். முழுக்குளிசை தொண்டையில் சிக்கும். அழும் பிள்ளையின் வாயில் திணிப்பது அதைவிட ஆபத்து. ஒரு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. காய்ச்சல் இருந்தால் சுகமான பின் கொடுக்கலாம். ஈரல் நோய் உள்ளவர்கள், வலிப்பு வந்தவர்கள், வலிப்புக் குளிசையோ மெட்ரோனிடசோலோ எடுப்பவர்கள் முதலில் டொக்டரிடம் சொல்ல வேண்டும். அம்மம்மாவின் மருந்துகளையும் ஒருமுறை பாருங்கள்.

பாடசாலையில் கொடுக்கும் 500 மில்லிகிராம் குளிசை இதற்குப் பதிலாகாது. அது மண்ணால் பரவும் நாக்கிளிப்புழு, கொக்கிப்புழு போன்றவற்றுக்காக மாதக்கணக்கான இடைவெளியில் கொடுப்பது. ஆனால் இந்த இரண்டு கிழமைக்குள் பாடசாலையில் கொடுத்திருந்தால் அந்தத் தேதியை டொக்டரிடம் சொல்லுங்கள்.

இரண்டாம் குளிசைக்குப் பிறகும் சொறிந்தால், காலையில் கழுவ முன் ஆசனவாயில் செலோடேப்பை ஒட்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி ஆய்வுகூடத்தில் கொடுக்கலாம். மூன்று காலைகள் எடுத்தால்தான் நம்பலாம். மலப்பரிசோதனையில் இந்த முட்டை பெரும்பாலும் அகப்படாது.