டிராமடால் அட்டையில் மீந்துபோகும் ஆறு மாத்திரை

கேள்வி: பாளையங்கோட்டையில் ஆபரேசன் முடிஞ்சு தாத்தா வீட்டுக்கு வந்துட்டாங்க. வலி மாத்திரை அட்டையில் சிவப்பில் என்.ஆர்.எக்ஸ்னு போட்டிருக்கு. வீட்டில் ஆச்சியும் மூணு வயசுப் பிள்ளையும் இருக்காங்க. எங்கே வைக்க?

பூட்டுள்ள பீரோவில் வையுங்கள். சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

சிவப்பு ஆர்.எக்ஸ் என்றால் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று பொருள். அதன் முன்னால் 'என்' சேர்ந்தால், அந்த மருந்து போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ளும் வருகிறது. டிராமடால் என்ற வலி மருந்து 2018-ல் அந்தச் சட்டத்துக்குள் வந்தது. பெயர் 'டால்' என்று முடிவதை வைத்து முடிவுகட்டாதீர்கள். கம்பெனிப் பெயர் வேறு எப்படியும் இருக்கும். அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைத்தான் பார்க்க வேண்டும்.

அட்டையை ஒவ்வொரு மாத்திரையாக வெட்டி வைக்காதீர்கள். வெட்டிய துண்டில் பெயரோ சிவப்புக் குறியோ இல்லாமல் போகலாம். பிறகு அது சாதாரணக் காய்ச்சல் மாத்திரையாகத்தான் கண்ணுக்குப் படும்.

தாத்தாவுக்கு 37.5 மில்லிகிராம் டிராமடாலும் 325 மில்லிகிராம் பாரசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை, நாளுக்கு மூன்று வீதம் ஐந்து நாளுக்குத் தந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 15. மூன்றாம் நாளே வலி குறைந்து நிறுத்தினால் ஆறு மீதி. வினை வருவது பெரும்பாலும் இந்த ஆறில்தான். "தாத்தாவுக்குக் கேட்டுச்சே" என்று ஆச்சி மூட்டுவலிக்கு ஒன்றைப் போடுவார்கள். ஏற்கெனவே தூக்க மாத்திரை எடுப்பவர் என்றால், இரண்டும் சேர்ந்து மூச்சை மந்தமாக்கும். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவருக்கு வலிப்பு வரலாம். போதாக்குறைக்குக் காய்ச்சல் மாத்திரையும் போட்டால் பாரசிட்டமால் இரட்டிப்பாகும்.

சின்னப் பிள்ளைக்கு ஒரே மாத்திரைகூட ஆபத்து. பன்னிரண்டு வயதுக்குக் கீழே இதைக் கொடுக்கவே கூடாது. டி.வி. மேலோ ஃபிரிட்ஜ் மேலோ வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், நாற்காலி போட்டு ஏறிவிடும். அடுப்படி வெக்கையும் ஆகாது. அட்டையில் பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லியிருக்கும், நம்ம ஊர்ச் சித்திரை வெயிலுக்கு உள்ளறை பீரோதான் சரி.

பீரோவுக்குள்ளேயே ஒரு தாளில் தேதி, நேரம், மீதி எண்ணிக்கை எழுதி வாருங்கள். கணக்கில் ஒன்று குறைந்தாலும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

தட்டி எழுப்பியும் எழும்பாத தூக்கம், குறட்டையோடு இழுத்து இழுத்து வரும் மூச்சு, ஊசிமுனைபோல் சுருங்கிய கண்மணி, நீலம் பாய்ந்த உதடு, வலிப்பு, இவற்றில் எது தெரிந்தாலும் உடனே 108. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, அட்டையையும் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால், இதுபோன்ற மருந்தின் வீரியத்தை முறிக்கும் நலோக்சோன் போடுவதா என்று அங்கே சீக்கிரம் தீர்மானிப்பார்கள். டிராமடாலில் வரும் வலிப்புக்கு அது மட்டும் போதாது.

தாத்தாவுக்கு இனி வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதும் அந்த ஆறையும் கழிப்பறையில் போட்டு நீர் ஊற்றிவிடுங்கள். மற்ற மாத்திரைகளுக்கு இது முறையல்ல, டிராமடால் போன்றவற்றுக்கு மட்டும்தான். குப்பையில் போட்டால் யார் கையிலும் கிடைக்கும்.