மறைத்த பிழையை நேர்காணலில் சொல்லலாமா?

கேள்வி: மருந்து தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் 4 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வேறு வேலை தேடி 2 நேர்காணல்களுக்குப் போனேன். முதலாவதில், "உடன் வேலை செய்பவர் அளவு பார்க்காமலேயே லாக் புக்கில் எழுதுகிறார், என்ன செய்வீர்கள்?" என்றார்கள். "உடனே மேலதிகாரியிடம் சொல்வேன்" என்றேன். "அப்படி எழுதச் சொன்னதே அவர்தான் என்றால்?" என்றதும் வாயடைத்துப் போனேன். இரண்டாவதில், "உங்கள் பிழையை மறைக்கும்படி யாராவது வற்புறுத்தியதுண்டா?" என்றார்கள். இல்லை என்றேன். அது பொய். 5 மாதங்களுக்கு முன் சாம்பிளைத் தவறாக நீர்த்துவிட்டேன். மேற்பார்வையாளர் சொன்னபடி அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அடுத்த முறை இந்தக் கேள்வி வந்தால் உண்மையைச் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம். ஆனால் நேர்காணலில் சொல்வதற்கு முன்னால், இப்போது வேலை செய்யும் இடத்தில் அதைச் சொல்லிவிடுங்கள். கேட்பவர்கள் விவரம் தெரிந்தவர்களாக இருந்தால், "பிறகு அதைச் சரிசெய்தீர்களா?" என்பதுதான் அவர்களுடைய அடுத்த கேள்வியாக இருக்கும். அதற்கு இன்றைய நிலையில் உங்களிடம் பதில் இல்லை. அந்தப் பதிலை நேர்காணல் அறையில் உருவாக்க முடியாது; ஆய்வகத்தில்தான் உருவாக்க முடியும்.

உங்கள் பிழையின் விவரங்களை நீங்கள் எழுதவில்லை. எனவே, நேர்காணல்களில் தேர்வாளராக அமர்ந்த ஆண்டுகளில் நான் பலமுறை கேட்ட வகையான ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன். முதல் கரைசலிலிருந்து 10 மி.லி. எடுத்து 100 மி.லி. ஃபிளாஸ்க்கில் நீர்க்க வேண்டும். கைக்கு வந்த 5 மி.லி. பிப்பெட்டால் எடுத்துவிடுகிறார் ஒருவர். மருந்தின் அளவு 95 முதல் 105 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 49.8 என்று வருகிறது. சரியாகப் பாதி என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இந்த நிலையில் செய்ய வேண்டியது மிகவும் எளியது. முதல் கரைசலைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, மேற்பார்வையாளரை அழைத்துக் காட்டி, அதே கரைசலிலிருந்து 10 மி.லி. எடுத்து மீண்டும் நீர்த்துப் பார்க்க வேண்டும். 99.6 என்று வந்தால் பிழை சாம்பிளில் இல்லை, நீர்த்ததில்தான் இருக்கிறது என்பதற்குச் சான்று கிடைத்துவிடுகிறது. அந்தச் சான்றையும் முதல் முடிவையும் சேர்த்து விசாரணை அறிக்கையாக எழுதி, தர உறுதிப் பிரிவின் ஒப்புதலோடு முதல் முடிவைச் செல்லாததாக்கிவிட்டு, முறைப்படி மறுசோதனை செய்யலாம். காரணம் தெரிந்த ஆய்வகப் பிழைக்கு விதிமுறையே வழி விட்டிருக்கிறது.

தாளைக் கிழித்தபோது தொலைந்தது இந்தச் சான்றுதான். இரண்டாவது முடிவு உண்மையாகவே இருக்கலாம். மருந்திலும் குறை ஏதும் இல்லாமலிருக்கலாம். ஆனால், முதல் முடிவு நீர்த்தல் பிழையால் வந்ததா அல்லது பேட்ச்சிலேயே கோளாறு இருந்ததா என்பதை இனி வேறொருவர் சரிபார்க்க இயலாது. அதோடு, இத்தகைய மறைப்பு பெரும்பாலும் மறைந்தும் இருப்பதில்லை. தாள் போனாலும் மருந்தின் அளவைக் கணக்கிடும் எச்.பி.எல்.சி. கருவியின் கணினியில் முதல் ஓட்டம் நேரத்தோடு பதிவாகியிருக்கும். தராசின் அச்சுச்சீட்டு இருக்கும். எண்ணிட்ட தாள்களில் ஒன்று குறையும். பின்னாளில் ஆய்வாளர் ஒருவர் கருவிப் பதிவையும் தாளையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, அரை மணி நேர எழுத்து வேலையோடு முடிந்திருக்க வேண்டிய பிழை பதிவை அழித்த குற்றமாகத் தெரியும்; அதன்பின் அந்த ஆய்வகத்தின் மற்ற முடிவுகளையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

ஆகவே தர உறுதிப் பிரிவின் பொறுப்பாளரைச் சந்தித்து, எழுத்திலும் கொடுங்கள். நாள், சோதனை, நீங்கள் செய்த பிழை, பெற்ற அறிவுறுத்தல், கிழித்த தாள், பிறகு எழுதியது ஆகியவற்றை அந்த வரிசையிலேயே எழுதினால் போதும். மேற்பார்வையாளர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். அவருடைய நோக்கத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். நிறுவனத்தின் பதிவுகளை நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவதும் கூடாது. அது வேறொரு மீறலாகிவிடும். உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதமோ, அதைவிடக் கடுமையான நடவடிக்கையோ வரக்கூடும். வராது என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் நீங்களே முன்வந்து சொன்னதும், பிறர் கண்டுபிடித்த பிறகு ஒப்புக்கொண்டதும் விசாரிப்பவர்கள் கண்ணில் ஒன்றாக இருப்பதில்லை. அந்த மருந்தை யாரோ ஒருவர் உட்கொள்கிறார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அந்த பேட்ச்சை மீண்டும் சோதிக்க வேண்டுமா என்று முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு இந்தத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை.

இதைச் செய்த பிறகு நேர்காணலில் சொல்வது கடினமாக இருக்காது. ஏறத்தாழ இப்படிச் சொல்லலாம்: "ஒரு சோதனையில் தவறான பிப்பெட்டைப் பயன்படுத்தினேன். தாளைக் கிழித்துவிட்டு மீண்டும் எழுதும்படி என்னிடம் சொன்னார்கள். மறுத்திருக்க வேண்டும், ஆனால் நான் அப்படியே செய்தேன். 5 மாதங்களுக்குப் பிறகு தர உறுதிப் பிரிவிடம் நானே எழுதிக் கொடுத்தேன். விசாரணை நடக்கிறது. இப்போது நீர்ப்பதற்கு முன் பிப்பெட்டின் அளவை உரக்கப் படித்து, எழுதிய பிறகே எடுக்கிறேன். எதிர்பாராத முடிவு வந்தால், விசாரணை முடியும்வரை எந்தக் கரைசலையும் கொட்டுவதில்லை." இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். இதில் "நான் அப்படியே செய்தேன்" என்ற தொடரைத்தான் தேர்வாளர்கள் உற்றுக் கேட்பார்கள். பெரும்பாலானோர் அந்த இடத்தில் "அப்படிச் செய்ய வேண்டிய சூழ்நிலை உருவானது" என்று யாருமே செய்யாத செயலாக மாற்றிவிடுவார்கள். நான் தேர்வாளராக இருந்தபோது, அப்படிச் சொன்னவர்களிடம் "அதைச் செய்தது யார்?" என்று திரும்பக் கேட்பதுண்டு. தாமாக "நான்" என்று சொன்னவர்களிடம் அந்தக் கேள்விக்கு அவசியமே ஏற்படவில்லை.

மேற்பார்வையாளரின் பெயர், மருந்தின் பெயர், பேட்ச் எண், வாடிக்கையாளர் ஆகியவற்றைச் சொல்லாதீர்கள். வற்புறுத்திக் கேட்டாலும், "அது இப்போதைய நிறுவனத்தின் உள்விவகாரம், மன்னிக்க வேண்டும்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். சில இடங்களில் அதையும் சோதித்துப் பார்க்கிறார்கள். உங்கள் கதை வேலையைப் பாதித்துவிடுமா என்றால், சில நிறுவனங்களில் பாதிக்கக்கூடும். அப்படியிருந்தும் "மறைத்ததில்லை" என்ற பொய்யைத் திரும்பச் சொல்ல வேண்டாம் என்பதே என் கருத்து. சொல்ல விருப்பமில்லையென்றால், மறைக்கப்படாத வேறொரு பிழையைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் "வற்புறுத்தியதுண்டா?" என்று நேராகக் கேட்ட இடத்தில் அது பதிலாகாது.

இனி, உங்களை வாயடைக்க வைத்த முதல் கேள்வி. "இப்படி நேர்ந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கும் நேர்காணல் முறையை 1980இல் உளவியலாளர் கேரி லேதமும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்தார்கள். அந்த முறையில் கேள்விக்குள்ளேயே ஓர் இக்கட்டு இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் எல்லோரும் கேட்பவருக்குப் பிடித்த பதிலையே சொல்லிவிடுவார்கள். எனவே "சொன்னதே மேலதிகாரி" என்ற திருப்பம் உங்களை மடக்குவதற்காக வந்ததன்று. உங்கள் பதில் ஒரே படியோடு நின்றுவிட்டதால் அடுத்த படியைக் காட்டச் சொல்கிறார்கள்.

என்ன பார்த்தோம் என்பதிலிருந்து தொடங்குங்கள். 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டிய குளிர்பெட்டியின் மாலை அளவு காலையிலேயே எழுதப்பட்டிருந்ததைப் பார்த்தேன் என்றால், அது கண்ணால் கண்டது. "அவர் எப்போதும் இப்படித்தான்" என்பது ஊகம். முதல் வேலை, வெப்பமானியைப் படித்துப் பெட்டி இப்போது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. அளவு மீறியிருந்தால் உள்ளே இருப்பதை யாரும் பயன்படுத்தாதபடி தனியே நிறுத்திவைப்பது. அடுத்தது, அன்றைக்கே அவரிடம் நேரில், "இந்தப் பதிவைப் பார்த்தேன், இதை நான் தெரிவிக்கத்தான் வேண்டும், நீங்களும் கூட வந்தால் நல்லது" என்று சொல்வது. அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பதற்காகச் செய்தியை நிறுத்திவைப்பதாக இது ஆகிவிடக் கூடாது. "முதல் தடவை மன்னித்துவிடுவேன்" என்று பலர் பெருந்தன்மையாகச் சொல்வார்கள். நோயாளியைச் சென்றடையும் பொருளின் பதிவில் அந்தப் பெருந்தன்மைக்கு இடமில்லை.

மேலதிகாரியே அப்படிச் சொல்லியிருந்தால், அவரிடம் ஒருமுறை நேராக, "இதில் என்னால் கையெழுத்திட இயலாது, சரியான முறை எது என்று தர உறுதிப் பிரிவிடம் கேட்டுவிடலாமா?" என்று கேளுங்கள். அவர் மறுத்தால் நீங்களே போங்கள். மருந்துத் துறையில் தரப் பிரிவை உற்பத்திப் பிரிவின் ஆணைக்கு அப்பால் தனித்து வைத்திருப்பதே இப்படிப்பட்ட நேரங்களுக்காகத்தான். அங்கும் கேட்கவில்லையென்றால் நிறுவனத்தின் புகார் வழி, அதற்கும் பலன் இல்லையென்றால் கட்டுப்பாட்டு அமைப்பு. இந்த வரிசையைச் சொன்னாலே போதும். எடுத்த எடுப்பில் "வேலையை விட்டுவிடுவேன்" என்பதும், "பத்திரிகைக்குப் போவேன்" என்பதும், இடையிலுள்ள படிகள் தெரியாதவர் என்ற எண்ணத்தையே ஏற்படுத்தும்.

முடிவில் நீங்கள் கேள்வி கேட்கும் முறை வரும்போது, "ஆய்வகத்தில் பிழை நேர்ந்தால் அன்றைய தினம் என்னென்ன நடக்கும்?" என்று கேளுங்கள். அறிக்கையை யார் எழுதுவார், யார் ஒப்புதல் தருவார் என்று அவர்கள் தயங்காமல் சொன்னால், அந்த நடைமுறை அங்கே நடப்பில் இருக்கிறது. "எங்களிடம் பிழையே நேர்வதில்லை" என்று சொன்னால், நீங்கள் 5 மாதங்களுக்கு முன் நின்ற அதே இடத்தில் மீண்டும் நிற்க நேரிடலாம் என்பதைக் கணக்கில் கொண்டு அந்த வேலையைப் பற்றி முடிவெடுங்கள்.