குழந்தைக்காக முயலும்போது ஜெல் போடலாமா?

பல வருடங்கள் விந்துப் பரிசோதனை ஆய்வகத்தில் நுண்ணோக்கியோடு உட்கார்ந்தவன் நான். உடலுறவின்போது வழுவழுப்புக்காகப் போடும் ஜெல் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

எங்கள் ஜெல்லில் விந்தணுவைக் கொல்லும் மருந்து இல்லை என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. அப்போது பயமில்லைதானே?

மருந்து இல்லாவிட்டாலும் விந்தணு முடங்கலாம். நத்தை மேல் உப்பைத் தூவினால் என்ன ஆகிறது? உடம்பிலுள்ள நீரை உப்பு இழுத்துவிடுகிறது. அடர்த்தியான ஜெல்லும் விந்தணுவை அப்படித்தான் வற்றவைக்கிறது. இந்த அடர்த்தியை ஆஸ்மோலாலிட்டி என்ற அளவில் சொல்வோம். விந்துக்கு அது ஏறத்தாழ 300 முதல் 380 வரை இருக்கும். வழுவழுப்புக்காகக் கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும் நிறையச் சேர்த்த சாதாரண ஜெல்கள் பலவற்றில் அது 1,000-ஐத் தாண்டிவிடும். ஆய்வகத்தில் அப்படிப்பட்ட ஜெல்லைக் கலந்து பார்த்தால், ஓடிக்கொண்டிருந்தவை வேகம் குறைந்து, இருந்த இடத்திலேயே துடித்து, அப்புறம் நின்றுபோகும்.

பி.எச் 7 இருந்தால் போதும் என்று படித்தேன். எங்களுடையது 7.2. கிளிசரின் இரண்டாவது பெயராக இருக்கிறது, அதனால் என்ன?

பாதி சரி. விந்தின் பி.எச் 7.2-லிருந்து 8 வரை என்பதால் உங்கள் ஜெல்லின் பி.எச் பொருந்துகிறது. யோனியின் இயல்பான 4-ஐ ஒட்டித் தயாரித்த ஜெல்லைவிட அந்த வகையில் இது மேல். ஆனால் பி.எச் சரியாக இருந்தும் அடர்த்தி அதிகமாக இருக்கலாம். பொருள்களை அளவின் இறங்குவரிசையில் எழுதுவதுதான் வழக்கம். தண்ணீருக்கு அடுத்தபடியாகவே கிளிசரின் என்றால் நான் அதை எடுக்க மாட்டேன்.

கணவருக்கு விந்தணு நகர்வு 11% என்று ரிப்போர்ட். இடிந்துபோய் இருக்கிறோம். மாதிரி எடுக்கும்போது வீட்டிலிருந்த ஜெல்லைக் கொஞ்சம் போட்டுக்கொண்டார். அது பிரச்சினையா?

அந்த ரிப்போர்ட்டை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஜெல் போட்டதை ஆய்வகத்தில் சொல்லிவிட்டு, 2 முதல் 7 நாள் விந்து வெளியேற்றாமல் இருந்து மறுபடி மாதிரி கொடுங்கள். இந்த முறை ஜெல், சோப்பு, எச்சில் எதுவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் மொத்த நகர்வுக்கான கீழ் எல்லை 42%. நான் பார்த்த ஒருவருக்கு ஜெல்லோடு 9%, மூன்று வாரம் கழித்து ஜெல் இல்லாமல் 51%. எண்ணிக்கையும் வடிவமும் நன்றாக இருந்து நகர்வு மட்டும் படுத்திருந்தது. அதனால்தான் எங்களுக்கே சந்தேகம் வந்தது. உங்களுக்கும் அப்படியே மாறும் என்று சொல்ல முடியாது. உண்மையிலேயே நகர்வு குறைவானவர்களும் இருக்கிறார்கள்.

கர்ப்பத்துக்கான ஸ்பெஷல் ஜெல்லை இரண்டு மடங்கு போட்டால் சீக்கிரம் தங்குமா?

தங்காது. அந்த ஜெல் விந்தணுவைக் கெடுக்காது, அவ்வளவுதான். கூடுதலாக உதவவும் செய்யாது. வறட்சி இல்லையென்றால் போடவே வேண்டாம். இருந்தால் தேவையான அளவு போதும்.

எதை வாங்குவது? பெயரைச் சொல்லுங்கள்.

விந்தணு, கருவுறுதல், கரு ஆகியவற்றுக்கு ஒத்துப்போகும் லூப்ரிகன்ட் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ தனி வகையே வைத்திருக்கிறது. பிரீ-சீட், கன்சீவ் பிளஸ் இரண்டும் அதில் வருபவை. முன்பக்கம் குழந்தைப் படம் போட்டிருப்பதை நம்பாமல், எந்த வகையில் அனுமதி பெற்றது என்று பாருங்கள். மினரல் ஆயில், கனோலா எண்ணெய், ஹைட்ராக்சிஎத்தில்செல்லுலோஸ் அடிப்படையிலான ஜெல் ஆகியவற்றை அமெரிக்க இனப்பெருக்க மருத்துவ சங்கமும் ஏற்கிறது. பின்னால் எப்போதாவது ஆணுறைக்குத் திரும்பினால் எண்ணெயை விட்டுவிடுங்கள். லேடெக்ஸ் கிழிந்துபோகும்.

சாதாரண ஜெல்லோடுதான் எங்களுக்கு மூன்றாவது மாதமே கரு தங்கியது. சும்மா பயமுறுத்துகிறீர்களே?

உங்கள் அனுபவம் விதிவிலக்கு இல்லை. 2012-இல் வந்த ஓர் ஆய்வில் 296 பெண்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஜெல் போட்டவர்களுக்குக் கரு தங்கும் வாய்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. ஆய்வகக் குப்பியிலோ சில ஜெல்கள் ஒரு மணி நேரத்துக்குள் நகர்வை 60 முதல் 100% வரை குறைத்தன. குப்பியில் விந்தணுவும் ஜெல்லும் ஒன்றாகவே கிடக்கும். உடம்பிலோ முந்திய விந்தணுக்கள் சில நிமிடங்களிலேயே கருப்பைவாய் சளிக்குள் போய்விடுகின்றன. இந்த முரண்பாட்டுக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன், ஆனால் நிரூபித்தாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். எண்ணிக்கை ஏற்கெனவே குறைவாக உள்ளவர்கள் ஏன் பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

கருமுட்டை வெளிவரக் கொடுக்கும் குளோமிபீன் மாத்திரை தொடங்கியதிலிருந்து ரொம்ப வறட்சி. ஜெல் போட்டால் சரியாகிவிடுமா?

உராய்வு, வலி குறையும். ஆனால் அந்த மாத்திரை ஈஸ்ட்ரோஜனை எதிர்ப்பதால் கருப்பைவாய் சளியும் குறையலாம். விந்தணு நீந்திப் போவது அந்தச் சளியில்தான். ஜெல் அதற்கு ஈடாகாது. வறட்சியை டாக்டரிடம் சொல்லுங்கள். சிலருக்கு அதே வேலைக்கான லெட்ரோசோல் மாத்திரைக்கு மாற்றுவார்கள்.